ஒரே கிழங்கைத் தேடும் பல தமிழ்கள்

மரவள்ளிக்கிழங்கைக் கசப்பில்லாமல் அவிப்பது எப்படி என்று ஏழு நிமிட வீடியோ ஒன்றை ஒருவர் எடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கிழங்கு ஒன்றுதான், செய்முறையும் ஒன்றுதான். ஆனால் அதைத் தேடுகிறவர்களின் தமிழ் ஒன்றல்ல. நாகர்கோவிலில் இருப்பவருக்கு அது மரச்சீனி. சேலம், தருமபுரிப் பக்கம் குச்சிக்கிழங்கு என்று கேட்டால்தான் கடைக்காரர் சட்டென்று எடுத்துத் தருவார். கேரள எல்லையோரம் கப்பை. யாழ்ப்பாணத்தில் மரவள்ளி. இவர்கள் எல்லோரும் யூடியூபின் அதே தேடல் பெட்டியில்தான் வந்து நிற்கிறார்கள்.

இந்த வேறுபாடுகள் எல்லாம் ஒரே எடை கொண்டவை அல்ல. சிலவற்றைத் தேடுபொறியே சமாளித்துவிடும். மரவள்ளிக்கிழங்கு என்று ஒற்றோடு சேர்த்து எழுதினாலும், மரவள்ளி கிழங்கு என்று ஒற்றை விட்டுப் பிரித்து எழுதினாலும், கிழங்கை, கிழங்கில் என்று வேற்றுமை உருபு ஏறினாலும், எழுத்து வடிவம் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால் பல நேரம் சரியான இடத்துக்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். ஆனால் மரச்சீனிக்கும் குச்சிக்கிழங்குக்கும் இடையே எழுத்தொற்றுமை கிடையாது. இரண்டும் ஒரே பொருள் என்பது, போதுமான பேர் இரண்டையும் ஒரே இடத்தில் எழுதிவைத்திருந்தால்தான் இயந்திரத்துக்குத் தெரியவரும். தமிழில் அப்படி எழுதிவைத்தவர்கள் குறைவு. ஆகவே வட்டாரப் பெயருக்குத்தான் தலைப்பில் இடம் ஒதுக்க வேண்டும். ஒற்றுப்பிழைக்கும் உருபுக்கும் அந்த இடத்தைச் செலவிடக் கூடாது.

இடம் என்று சொல்லக் காரணம் உண்டு. யூடியூபில் தலைப்பு 100 எழுத்துகளுக்குள் இருக்க வேண்டும். நாம் எண்ணினால் மரவள்ளிக்கிழங்கு என்பது பத்தெழுத்து. கணினியோ புள்ளியையும் கொம்பையும் கொக்கியையும் தனித்தனியாக எண்ணுவதால், அதற்கு அது பதினாறு. தமிழ்த் தலைப்பு கண்ணுக்குச் சின்னதாகத் தெரியும்போதே இடம் தீர்ந்துபோவது இதனால்தான்.

அடுத்தது பேச்சா, எழுத்தா என்ற கேள்வி. ‘மக்கள் பேசுகிறபடியே சொல் வை’ என்று அறிவுரை சொல்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. ‘எப்டி பண்றது’ என்று வாயால் கேட்பவரே தமிழ் விசைப்பலகையைத் திறந்ததும் ‘எப்படி செய்வது’ என்று தட்டுகிறார். பள்ளிக்கூடத்தில் கை பழகிய எழுத்து அப்படி. விசைப்பலகை முன்வைக்கும் சொற்களும் பெரும்பாலும் எழுத்துத் தமிழே. அதே ஆள் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டும்போது கட்டு அவிழ்ந்துவிடுகிறது. `epdi`, `kelangu`, `panrathu` எல்லாம் தயக்கமில்லாமல் வருகின்றன. ஆக, பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் நடுவே உள்ள கோடு தேடல் பெட்டியில் பெரும்பாலும் எந்த எழுத்தில் தட்டுகிறோம் என்ற கோடாக மாறிவிடுகிறது. தமிழெழுத்தில் வரும் குறிச்சொல் எழுத்துத் தமிழை ஒட்டி இருக்கலாம். பேச்சு வடிவத்தை ஆங்கில எழுத்துக்கு விட்டுவிடலாம்.

ஆங்கில எழுத்திலும் ஒரே வடிவம் இல்லை. ழகரத்துக்கு `zh` போட்டு `kizhangu` என்பார் சிலர். `kilangu` என்பவர்கள் அதைவிடத் தாராளமாகத் தென்படுகிறார்கள். ழகரத்தை ளகரமாக ஒலிக்கும் தென்மாவட்டப் பேச்சுக்கும் அது பொருந்திவிடுகிறது. தமிழெழுத்தை அப்படியே பெயர்க்கும் இலங்கைத் தமிழரிடம் `kilanku` என்ற வடிவத்தைக் காணலாம். இத்தனையையும் தலைப்பில் ஏற்ற முடியாது, ஏற்றவும் வேண்டாம். டேக் என்ற பெட்டி இருப்பதே இதற்குத்தான். வீடியோவைக் கண்டுபிடிப்பதில் டேக்கின் பங்கு மிகக் குறைவு என்றும், மக்கள் அடிக்கடி தப்பும் தவறுமாக எழுதும் சொற்களுக்கு அது உதவலாம் என்றும் யூடியூபே சொல்கிறது.

இப்போது தலைப்பை எழுதிப் பார்ப்போம்.

```
மரவள்ளிக்கிழங்கு கசப்பில்லாமல் அவிப்பது எப்படி? மரச்சீனி | குச்சிக்கிழங்கு | maravalli kilangu
```

கணினிக் கணக்கில் இது 94. கைப்பேசித் திரையில் வால் வெட்டுப்படும் என்பதால் பரவலாக அறியப்பட்ட பெயரும் முழுக் கேள்வியும் முன்னால் நிற்கின்றன. ‘அவிப்பது’ என்ற சொல் நெல்லைக்கும் குமரிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இயல்பானது. சென்னையிலும் கோவையிலும் ‘வேகவைப்பது’ என்றே தேடக்கூடும். அந்தச் சொல் விவரக் குறிப்பின் முதல் வரிக்குப் போகட்டும்: ‘சிலர் மரச்சீனி என்றும் சிலர் குச்சிக்கிழங்கு, கப்பை என்றும் சொல்லும் மரவள்ளியைத் தோல் சீவி வேகவைக்கும் முறை இது.’ வாக்கியமாக எழுதுவது முக்கியம். பெயர்களை வெறும் பட்டியலாக அங்கே கொட்டினால், டேக் திணிப்பு என்று யூடியூப் விதியே தடுக்கும்.

இனி வழுக்கும் இடம். தென்மாவட்டங்களில் சீனிக்கிழங்கு என்றால் சர்க்கரைவள்ளி. வெறுமனே வள்ளிக்கிழங்கு என்று தேடுகிறவர்களிலும் சர்க்கரைவள்ளியை நினைத்துத் தேடுவோர் உண்டு. மரச்சீனியைப் பிரித்து ‘சீனி கிழங்கு’ என்று ஒரு டேக்கும், சுருக்கி ‘வள்ளிக்கிழங்கு’ என்று இன்னொன்றும் போட்டால் இனிப்புக் கிழங்கு தேடியவர்கள் வந்து, முதல் பத்து விநாடியில் திரும்பிப் போவார்கள். அந்தத் தேடலுக்கு இந்த வீடியோ பொருந்தவில்லை என்பதற்கு அதுவே சான்றாகிவிடும். தேடலில் யாரை மேலே காட்டுவது என்று முடிவு செய்யும்போது, அந்தத் தேடலுக்கு எவ்வளவு நேரம் பார்க்கப்பட்டது என்பதும் கணக்கில் வருகிறது. தப்பான ஆயிரம் பேரைவிடச் சரியான ஐம்பது பேர் மேல் என்று நான் சொல்வது இதனால்தான்.

இது நடக்கிறதா என்று ஊகிக்க வேண்டியதில்லை. யூடியூப் ஸ்டூடியோவின் அனலிட்டிக்ஸில், பார்வையாளர்கள் எந்த வழியாக வந்தார்கள் என்ற பகுதியில் யூடியூப் தேடலைத் திறந்தால், அவர்கள் தட்டிய சொற்கள் தட்டியபடியே வரிசையாக வரும். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே சராசரியாக எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதும் இருக்கும். ‘மரச்சீனி’ என்று வந்தவர் நான்கு நிமிடமும், ‘சீனி கிழங்கு’ என்று வந்தவர் பதினைந்து விநாடியும் பார்த்திருந்தால் எந்த டேக்கை எடுக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். கூகுள் டிரெண்ட்ஸ் இந்த வேலைக்கு அவ்வளவாக உதவாது. சின்ன வட்டாரச் சொல்லைக் கொடுத்தால் போதிய தரவு இல்லை என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். அதற்கு ‘யாரும் தேடவில்லை’ என்று பொருள் கொள்ளக் கூடாது.

ஊருக்கு ஊர் மாறுவது பெயர் மட்டுமில்லை, கேள்வியும்தான். தமிழ்நாட்டில் கசப்பு போக என்ன செய்வது என்று கேட்பார்கள். இலங்கையில் மரவள்ளி சாப்பிட்டால் இஞ்சி சேர்க்கக் கூடாது என்ற அச்சம் வெகுகாலமாக உண்டு. அங்கிருந்து வருபவரின் தேடலில் இஞ்சியும் இருக்கலாம். குமரியில் அவித்ததை மசித்துத் தேங்காயோடு சேர்க்கும் ‘கிழங்கு மயக்கியது’ பற்றித் தேடுவார்கள். யாழ்ப்பாணத்தவர் கூடவே சம்பலைத் தேடுவார். இவையெல்லாம் நல்ல குறிச்சொற்கள்தான், வீடியோவில் அந்த விஷயம் இருந்தால். கிழங்கில் சயனைடை வெளிவிடும் சேர்மம் இருப்பதையும், தோலைச் சீவி, துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும் என்பதையும் விளக்கும் இடத்தில் இஞ்சிக் கேள்வியையும் எடுத்துப் பேசியிருந்தால் ‘மரவள்ளி இஞ்சி’ என்று போடலாம். பேசவில்லை என்றால், அதற்கென்று இன்னொரு வீடியோ எடுப்பதே முறை.

எடுக்கும்போதே செய்ய வேண்டிய வேலையும் ஒன்று உண்டு. கிழங்கைக் கையில் பிடித்து, முதல் அரை நிமிடத்துக்குள் எல்லாப் பெயரையும் வாயால் சொல்லிவிட வேண்டும். குச்சிக்கிழங்கு என்று தட்டி வந்த சேலத்துக்காரர், பேசுகிறவர் மரச்சீனி மரச்சீனி என்றே சொல்லிக்கொண்டு போனால், வேறு எதையோ திறந்துவிட்டோம் என்று மூடிவிடுவார்.