பஞ்சாமிர்தத்தை மொழிபெயர்க்காதீங்க!

நம்ம பழனி பஞ்சாமிர்தம் 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பெயர். ஒரு கடை விளம்பரத்தை மெஷின்ல ஆங்கிலமாக்கினா, அது 'ஐந்து அமிர்தம்'னு பொருள் பிரிச்சுடலாம். அதைத் தடுக்கத்தான் 'மொழிபெயர்க்காதே' பட்டியல். பட்டியலில் இருக்கிற பெயரை முதலில் எடுத்துட்டு `X1`னு ஒரு குறி வைக்கணும். மொழிபெயர்ப்பு முடிஞ்சதும் அங்கே `Palani Panchamirtham` வைக்கணும்.

தமிழில் ஒரு சிக்கல் இருக்கு. 'பழனி பஞ்சாமிர்தத்தை வாங்கினார்' என்ற வரியில் கடைசி 'ம்' போய் 'த்தை' வந்துடுச்சு. 'பஞ்சாமிர்தம்'னு தேடுற நிரல் அதைத் தவறவிடும். அதனால 'பஞ்சாமிர்தத்தை', 'பஞ்சாமிர்தத்தில்' போன்ற வடிவங்களையும் பட்டியலில் சேருங்க. மாற்றும்போது வேற்றுமை உருபை விட்டுடாதீங்க: `X1-ஐ வாங்கினார்`. உருபு போனா, யார் எதை வாங்கினார்னு மெஷின் குழம்பும்.

கடைசியா, மூலத்தில் பெயர் எத்தனை முறை வருதோ, ஆங்கிலத்திலும் அத்தனை முறை இருக்கானு எண்ணிப் பாருங்க.