மூன்று நாளில் வந்த நஷ்டம்: தவிர்ப்பா, ஏய்ப்பா?

வருமான வரிச் சட்டத் தாளில் வேறு வேறு வேடத்தில் வரும் கேள்வி ஒன்று உண்டு. ஒருவர் 2000 மார்ச் 24 அன்று பரஸ்பர நிதி ஒன்றின் ஒரு லட்சம் யூனிட்களை 17.23 ரூபாய் வீதம் வாங்குகிறார். அன்றுதான் ரெக்கார்டு தேதி. யூனிட்டுக்கு 4 ரூபாய் டிவிடெண்ட் கிடைக்கிறது. அதற்கு வரி விலக்கு. டிவிடெண்ட் போனதும் விலை இறங்குகிறது. மார்ச் 27 அன்று 13.23 ரூபாய்க்கு விற்றுவிடுகிறார். நான்கு லட்சம் நஷ்டம் என்று கணக்கில் எழுதி, அதைத் தன் மற்ற வியாபார வருமானத்தில் கழிக்கிறார். இது வரித் தவிர்ப்பா, வரி ஏய்ப்பா?

தேதிகளும் விலைகளும் கற்பனையல்ல. வால்ஃபோர்ட் பங்குத் தரகு நிறுவன வழக்கில் உள்ளவை. எண்ணிக்கையை மட்டும் கேள்விக்காக உருட்டியிருக்கிறேன். 2010-ல் உச்ச நீதிமன்றம் இதில் தீர்ப்பளித்தது.

கையிலிருந்து போனது நான்கு லட்சம், டிவிடெண்டாக வந்தது நான்கு லட்சம். உண்மையில் இழப்பே இல்லை. ஆனால் வந்ததற்கு வரி கிடையாது, போனது மட்டும் கழிவாகிறது. 30 சதவீத வரி கட்டுபவருக்கு 1,20,000 ரூபாய் மிச்சம். இதைப் பார்த்ததும் பெரும்பாலான மாணவர்கள் 1985-ன் மெக்டவல் தீர்ப்பை எடுத்துப் போட்டு, ‘போலி ஏற்பாடு’ என்று முடித்துவிடுவார்கள். கோபம் நியாயமானதுதான், விடை அதில் இல்லை.

முதலில் பார்க்க வேண்டியது, நடந்ததாகச் சொல்வது நடந்ததா என்பது. பணம் கைமாறியிருக்கிறது, யூனிட் பெயருக்கு வந்திருக்கிறது, டிவிடெண்ட் வந்திருக்கிறது, எல்லாம் கணக்கிலும் இருக்கிறது. மறைத்தது எதுவுமில்லை, அதனால் ஏய்ப்பு இல்லை. இதே மனிதர் மார்ச் 28 அன்று தரகரிடம் சொல்லி, 24-ம் தேதியிட்ட ஒப்பந்தச் சீட்டை வாங்கியிருந்தால் கதை வேறு. அப்போது சட்டத்துக்குப் பொருள் தேடும் வேலையே வராது. நடக்காததை நடந்ததாகக் காட்டியதற்கு அபராதம் உண்டு. வேண்டுமென்றே செய்தது என்று நிரூபித்தால் 276சி பிரிவில் சிறையும் உண்டு.

அடுத்தது சட்டத்தின் சொற்கள். அன்றைய 10(33) பிரிவு டிவிடெண்டுக்கு விலக்குத் தந்தது. ரெக்கார்டு தேதியை ஒட்டி வாங்கி விற்ற நஷ்டத்தைக் கழிக்கக் கூடாது என்று எந்தப் பிரிவும் அப்போது சொல்லவில்லை. திட்டமிட்டே செய்தார் என்று வைத்துக்கொண்டாலும், சட்டம் கொடுத்த விலக்கை வாங்கிக்கொண்டதைத் துஷ்பிரயோகம் என்று சொல்ல முடியாது என்றது உச்ச நீதிமன்றம்.

வருமான வரித் துறைக்கு எதிராகப் பேசியது பின்னால் வந்த ஒரு பிரிவேதான். 2002 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த 94(7) பிரிவு, இப்படிப்பட்ட நஷ்டத்தை டிவிடெண்ட் அளவுக்கு மட்டும் தள்ளுபடி செய்கிறது. நஷ்டம் ஐந்து லட்சம், டிவிடெண்ட் நான்கு லட்சம் என்றால் மிச்ச ஒரு லட்சத்தைக் கழித்துக்கொள்ளலாம். பரிவர்த்தனையே போலி என்று நாடாளுமன்றம் நினைத்திருந்தால் அந்த ஒரு லட்சத்தை ஏன் விட்டுவைக்கிறது? இந்த வாதத்தை எழுதும் விடைத்தாள் அரிது.

கேள்வியில் தேதியை 2006 மார்ச்சுக்கு மாற்றினால் நான்கு லட்சமும் போய்விடும். ஆனால் பிரிவின் நிபந்தனைகள் அத்தனையும் சேர்ந்து நிறைவேற வேண்டும்: ரெக்கார்டு தேதிக்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் வாங்கியிருக்க வேண்டும், யூனிட் என்றால் அதற்குப் பிந்தைய ஒன்பது மாதத்துக்குள் விற்றிருக்க வேண்டும், டிவிடெண்டுக்கு வரி விலக்கு இருக்க வேண்டும். நான்கு மாதம் முன்பே வாங்கியவரை, அவர் நோக்கம் எதுவானாலும், இந்தப் பிரிவு தொடாது.

கேள்வியின் கடினமான வேடம் போனஸ். போனஸ் கொடுத்ததும் விலை இறங்கும். பழையதை விற்று நஷ்டம் காட்டுவார்கள். அதைத் தடுக்கும் 94(8) பிரிவு வெகுகாலம் யூனிட்களை மட்டுமே சொன்னது. பங்குகள் 2023 ஏப்ரல் முதல்தான் சேர்ந்தன. அப்படியானால் 2019-ல் பங்கில் இதைச் செய்தவர் தப்பித்தாரா? வால்ஃபோர்ட் வழியில் போனால் ஆம். ஆனால் 2017 ஏப்ரலில் பொது வரித் தவிர்ப்புத் தடை விதிகள் நடப்புக்கு வந்துவிட்டன. வரிச் சலுகையே முக்கிய நோக்கமாக இருந்து, வணிகச் சாரம் இல்லாதது போன்ற குறை ஒன்றும் சேர்ந்தால் சலுகையை மறுக்கலாம். வரிப் பயன் மூன்று கோடியைத் தாண்ட வேண்டும். 94(8) இருப்பதாலேயே இந்த விதிகளுக்கு வழி அடைபடாது என்று 2024-ல் தெலங்கானா உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அப்போதும் அது ஏய்ப்பு ஆகிவிடாது. எல்லாம் வெளிப்படையாகவே நடந்தது. சலுகை மட்டும் மறுக்கப்படுகிறது. நம் ஒரு லட்சம் யூனிட்காரருக்கோ மிச்சம் 1,20,000 ரூபாய்தான். மூன்று கோடி வரம்பின் பக்கத்தில்கூட அவர் வரமாட்டார்.