நெல் பணம் வந்த வாரம்

நீடாமங்கலம் பக்கம் இரண்டு ஏக்கரில் சம்பா போடும் விவசாயி ஒருவரை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். செப்டம்பரில், சிட்டாவும் அடங்கலும் கொடுத்து, தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் 60,000 ரூபாய் பயிர்க்கடன் வாங்குகிறார். ஒரு பகுதி உரமாகவும் மீதி பணமாகவும் வருகிறது.

தமிழ்நாட்டில் இந்தக் கடனுக்குத் தவணைத் தேதிக்குள் கட்டினால் வட்டி கிடையாது. வட்டியை மத்திய, மாநில அரசுகள் ஏற்கின்றன. தேதி தாண்டினால் அந்தச் சலுகை போய், கடன் வாங்கிய நாளிலிருந்தே வட்டி விழும். 7 சதவீதம் என்றால் 60,000 ரூபாய்க்கு ஓராண்டில் 4,200 ரூபாய். அபராத வட்டி தனி.

முதல் ஆண்டு அவருக்கு நடந்தது இதுதான். பிப்ரவரியில் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் வங்கிக் கணக்கில் ஏறியது. அறுவடை இயந்திர வாடகை பாக்கி, உரக்கடைப் பாக்கி, மகளின் கல்லூரிக் கட்டணம் எல்லாம் அதிலிருந்தே போயின. தவணை மே மாதம்தானே என்று சங்கத்தை ஒத்திப்போட்டார். மே வந்தபோது கையில் காசில்லை. தள்ளுபடி வரும் என்று ஊரில் பேச்சு வேறு. 2021-இல் வந்ததை யாரும் மறக்கவில்லை. வராத தள்ளுபடியை நம்பித் தேதியைக் கோட்டை விடுவது, என் பார்வையில், ஏழை விவசாயிக்குக் கட்டுப்படியாகாத சூதாட்டம். அடுத்த சம்பாவுக்குக் கடன் கேட்டபோது, பழைய பாக்கியைக் கட்டினால்தான் புதுக்கடன் என்றார்கள். மனைவியின் நகை அடகுக்குப் போனது.

மறு ஆண்டு கையெழுத்துப் போடும்போதே கேட்டார்: "தவணைத் தேதி என்னைக்கு சார்?" செயலாளர் சொன்ன தேதியை வீட்டு நாள்காட்டியில் வட்டமிட்டார். கடன் பணத்திலேயே அறுவடை இயந்திரத்துக்கான தொகையைச் சேமிப்புக் கணக்கில் ஒதுக்கினார். பயிர்க் காப்பீட்டு பிரீமியத்தையும் கடைசித் தேதிக்கு முன்பே கட்டினார். வெள்ளம் வந்து பயிர் போனால், கடனை அடைக்க வேறு வழி அவருக்கு ஏது?

பிறகு விளைச்சலை அடக்கமாகவே கணக்கிட்டார். ஏக்கருக்கு 60 கிலோ மூட்டை 30 என்றால், மொத்தம் 36 குவிண்டால். வீட்டுக்கு 4 போக, விற்க 32. குவிண்டால் 2,500 ரூபாய் வீதம் 80,000. கடன் போனால் மிஞ்சுவது 20,000. அந்த எண்ணைப் பார்த்த பிறகுதான், உரக்கடையில் புதிதாகக் கடன் வைக்கக் கூடாது என்று முடிவெடுத்தார். கல்லூரிக் கட்டணத்துக்கு உளுந்து வருமானத்தை ஒதுக்கினார்.

தை மாத மழையில் நெல் நனைந்தது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் எடுக்கத் தயங்குவார்கள். அதனால் களத்தில் காயப்போட்டு, சில நாள் காத்திருந்துதான் போட முடிந்தது. தவணைக்கு இன்னும் மூன்று மாதம் இருந்ததால் பதற்றமில்லை. பணம் ஏறிய அதே வாரத்தில், வேறெதற்கும் எடுக்கும் முன், சங்கத்துக்குப் போய் 60,000 ரூபாயைக் கட்டி ரசீது வாங்கிவிட்டார்.