ரெஸ்யூமில் ஒரு மாதம் தப்பினால்

நேர்காணல் நன்றாகவே போயிருக்கிறது. வீட்டுக்கு வந்து ரெஸ்யூமைப் புரட்டும்போதுதான் கண்ணில் படுகிறது: முந்தைய நிறுவனத்தில் வேலை பார்த்தது ‘ஜூன் 2019 – மார்ச் 2022’ என்று இருக்கிறது. பீரோவில் இருக்கும் ரிலீவிங் லெட்டரோ 2022 ஜனவரி 14 என்கிறது. அடுத்த வேலையில் சேர்ந்தது ஏப்ரல் 4. இரண்டரை மாத இடைவெளி காகிதத்தில் காணாமல் போயிருக்கிறது.

யார் கவனிக்கப் போகிறார்கள் என்று விட்டுவிட முடியாது. வேலை உறுதியானதும் பல நிறுவனங்கள் பின்னணிச் சரிபார்ப்பு நடத்துகின்றன. பி.எஃப். கணக்கு உள்ளவர் என்றால், அவருடைய 12 இலக்க யு.ஏ.என். எண்ணின் கீழ் எந்த நிறுவனத்தில் எப்போது சேர்ந்தார், எப்போது விலகினார் என்பது பதிவாகியிருக்கும். ரெஸ்யூமோடு அது ஒத்துப்போகாவிட்டால் அறிக்கையில் முரண்பாடு என்று குறித்துவிடுவார்கள். அதன்பிறகு சொல்லும் விளக்கம் மாட்டிக்கொண்டவரின் சமாதானமாகத்தான் கேட்கும்.

2012 ஜனவரியில் யாஹூவின் தலைமைச் செயல் அதிகாரியான ஸ்காட் தாம்சனின் சுயவிவரத்தில், கணக்கியலோடு கணினி அறிவியலும் படித்ததாக இருந்தது. அவர் பெற்ற பட்டம் கணக்கியலில் மட்டும். மே மாதம் ஒரு முதலீட்டாளர் அதை அம்பலப்படுத்தினார். அந்த மாதமே தாம்சன் பதவியிலிருந்து விலக நேர்ந்தது.

ஆகவே முந்திக்கொள்ள வேண்டும். முதலில் ரிலீவிங் லெட்டர், கடைசிச் சம்பளச் சீட்டு, பி.எஃப். பதிவு மூன்றையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நல்லது. பழைய நிறுவனம் விலகிய தேதியைப் பி.எஃப். தளத்தில் பதியாமலே விட்டிருக்கலாம். அப்படியானால், விலகி இரண்டு மாதம் கழிந்தபின் ஊழியரே அதைப் பதிந்துகொள்ள வசதி உண்டு.

மறுநாளே, நேர்காணலுக்கு அழைத்த எச்.ஆர். அலுவலரின் அதே மின்னஞ்சலுக்குப் பதிலாக நான்கு வரி போதும்:

“நான் அனுப்பிய ரெஸ்யூமில் முந்தைய நிறுவனத்திலிருந்து விலகியது மார்ச் 2022 என்று தவறாக உள்ளது. சரியான தேதி 14 ஜனவரி 2022. ஏப்ரல் 4 அன்று அடுத்த வேலையில் சேரும்வரை நான் பணியில் இல்லை. திருத்திய ரெஸ்யூமையும் ரிலீவிங் லெட்டரையும் இணைத்துள்ளேன்.”

மூன்றாவது வரியைத்தான் பலர் விழுங்கிவிடுகிறார்கள். தேதியை மட்டும் திருத்திவிட்டு இடைவெளியைப் பற்றி வாய் திறக்காவிட்டால், அதுவே அடுத்த கேள்வியாகத் திரும்பி வரும். நீளமான மன்னிப்பும் வேண்டாம். சின்னத் தவறைப் பெரிதாகக் காட்டிவிடும்.

எதுவும் சொல்லாமல் வேலைவாய்ப்புத் தளத்தில் மட்டும் புது ரெஸ்யூமை ஏற்றுவது இன்னும் மோசம். நிறுவனத்தின் கையில் பழையது, தளத்தில் புதியது என்று இரண்டு கதைகள் உலவும்.

எழுத்துப்பிழை, இடம் மாறிய கமா போன்றவற்றுக்கு இத்தனை மெனக்கெட வேண்டியதில்லை. தேதி, பதவிப் பெயர், பட்டம், சம்பளம் ஆகியவற்றில் பிழை என்றால் எழுதியே ஆக வேண்டும். பின்னர் சரிபார்ப்புப் படிவம் கைக்கு வரும்போது, பழைய ரெஸ்யூமைப் பார்த்து நிரப்பாமல் ரிலீவிங் லெட்டரைப் பார்த்து நிரப்புங்கள். கையெழுத்துப் போடுவது அந்தப் படிவத்தில்தான்.