வெள்ளிக்கிழமை வராதவர்கள்

பதிவேடுகளின் கதை – 9

2022 இறுதியில், ஈரோடு மாவட்டம் பெருந்துறை அருகே பாலக்கரையில், பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்ததாக எழுந்த புகாரில் தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியை ஒருவர் கைதானார். ஒரு சிறுவனுக்கு டெங்கு வந்து, அவன் தாய் விசாரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. பிள்ளை காய்ச்சலில் விழும் வரை காத்திருக்காமல், பள்ளிப் பதிவேடே இதைச் சொல்லியிருக்க முடியுமா? இந்த வாரம் அதை ஒரு கதையாகச் சொல்கிறேன். இதில் வரும் பள்ளியும் மனிதர்களும் எண்களும் கற்பனை.

ஓர் உயர்நிலைப் பள்ளி. அங்கே இளநிலை உதவியாளராக இருப்பவர் சம்பளப் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், உதவித்தொகை விண்ணப்பம் எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகப் பார்ப்பவர். எட்டாம் வகுப்பில் 42 பேர். அந்த மாதம் 22 வேலை நாட்கள். மொத்தம் 924 வருகைக்கு 66 தான் விடுப்பு. ஏறக்குறைய 93 சதவீதம். கேள்வி கேட்க இடமில்லாத எண்.

வகுப்புப் பதிவேட்டில் பெயர்கள் அகர வரிசையில் இருந்தன. விடுப்புக் குறிகள் பக்கம் முழுக்கச் சிதறிக் கிடந்தன. உதவித்தொகை வேலைக்காக அவர் அதே பெயர்களை முகவரிப்படி, தெருவாரியாக வேறு தாளில் எழுதி, எதிரே வருகையையும் குறித்தார். சிதறிக் கிடந்தவை ஒன்றுசேர்ந்தன. காலனியிலிருந்து வரும் ஒன்பது பேருக்கு மட்டும் 40 விடுப்பு. அதில் 30 வெள்ளிக்கிழமைகளில். மாதத்தில் நான்கு வெள்ளி என்பதால் அந்த ஒன்பது பேருக்கும் மொத்தம் 36 வருகை பதிவாகியிருக்க வேண்டும், ஆறுதான் பதிவாகியிருந்தது. மற்ற 33 பேருக்கும் அந்த நான்கு வெள்ளிகளில் சேர்த்தே ஐந்து விடுப்புதான்.

தாளைத் தலைமை ஆசிரியரிடம் காட்டினார்.

"வெள்ளிக்கிழமை சந்தை சார். அந்தப் பக்கத்துப் பிள்ளைங்க அப்பா அம்மாவோட போயிடும். எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

விளக்கம் பொருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் அதைச் சோதிக்க வழி இருந்தது. சந்தைதான் காரணம் என்றால், அதே வீட்டு அண்ணன் அக்காவும் பள்ளிக்கு வந்திருக்கக் கூடாது. உதவியாளர் பத்தாம் வகுப்புப் பதிவேட்டை எடுத்தார். ஒன்பது பேரில் நால்வருக்கு அங்கே அண்ணனோ அக்காவோ இருந்தார்கள். அவர்கள் வெள்ளிதோறும் வந்திருந்தார்கள். பிறகு முந்தைய மாதத்தைப் பார்த்தார். ஒரு வெள்ளி அரசு விடுமுறை. அந்த வாரம் பிள்ளைகள் வராதது வியாழக்கிழமை. சந்தை கூடியது வழக்கம்போல வெள்ளியன்றுதான். ஆக, பிள்ளைகளை விரட்டிய காரணம் சந்தையில் இல்லை, பள்ளிக்குள்தான் இருந்தது.

வாரக் கடைசி வேலை நாளில் பள்ளியில் நடப்பது என்ன? காலை வழிபாட்டுக்கு முன் துப்புரவு. துப்புரவுப் பணியாளர் இடம் காலியாகி மாதங்கள் ஆகியிருந்தன. 'சுத்தம்' எட்டாம் வகுப்பின் பொறுப்பு. பொதுத்தேர்வு எழுதுவதால் பத்தாம் வகுப்புக்கு விலக்கு. வகுப்பறை பெருக்குவது யார், கழிப்பறைக்கு வாளி தூக்குவது யார் என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. பார்க்காமலிருக்க விரும்பியவர்களுக்கு அது வசதியாக இருந்தது.

உதவியாளரின் தாள் இங்கே நின்றுவிடுகிறது. யார், எந்த நாளில் வரவில்லை என்று அது சொல்லும். ஏன் என்று சொல்லாது. விடுப்புக் கடிதங்களில் வயிற்று வலி என்றுதான் இருந்தது. தலைமை ஆசிரியர் முன்னால் நிறுத்திக் கேட்டாலும் பிள்ளைகள் அதையேதான் சொல்வார்கள். அதனால் அவர் தாளைப் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியிடம் கொண்டுபோனார். அந்தக் குழுவின் தலைமை பெற்றோருக்கு உரியது. இந்தத் தலைவி காலனியைச் சேர்ந்த தாய். அவர் பிள்ளைகளை வீட்டில், ஒவ்வொருவராகக் கேட்டார். மூன்றாவது பிள்ளை சொன்னது: "பிளீச்சிங் பவுடர் கை எரியுதும்மா. எங்களை மட்டும்தான் போகச் சொல்றாங்க."

இது ஒழுங்கு நடவடிக்கையோடு முடியும் விஷயம் இல்லை. பொறுப்பில் உள்ளவர் குழந்தையைக் கொடுமைக்கு உள்ளாக்குவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவில் குற்றம். பட்டியல் சாதிப் பிள்ளைகள் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வரும். தலைவி 1098-ஐ அழைத்துப் புகாரைப் பதிவு செய்தார். ஊதியம் கொடுத்துத் துப்புரவுப் பணியாளரை அமர்த்தவும் குழு தீர்மானம் போட்டது.

அடுத்த மாதம் வெள்ளி வருகை மற்ற நாட்களுக்கு இணையாக ஏறியது. எல்லோரும் நிம்மதி அடைந்தார்கள். தலைவி அடையவில்லை, பயந்துபோயும் பிள்ளைகள் வந்திருக்கலாம் அல்லவா? வருகை கூடியது என்பதை வைத்து வேலை நின்றது என்று எழுத முடியாது. ஆகவே குழு இன்னொரு தீர்மானம் எழுதியது: ஒவ்வொரு வெள்ளியும் காலை எட்டரை மணிக்குப் பெற்றோர் இருவர் நேரில் வந்து, கழிப்பறையைக் கழுவுவது யார் என்று பார்த்துக் கையெழுத்திட வேண்டும். பள்ளியில் அதுவரை இல்லாத பதிவேடு அது.