டங்கென்று திரும்பும் கடப்பாரை

சித்திரை வெயிலில் கரிசல் காட்டில் கடப்பாரையைப் போட்டால் டங்கென்று திரும்பி வரும். "மண்ணு கல்லாட்டம் இருக்குதுங்க. நாலடி தோண்டுனாப் போதுமுங்க" என்பார் கொத்தனார். அதே மண் ஐப்பசியில் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். வீடு நிற்கப்போவது இரண்டு பருவத்திலும்தான். இதை முன்கூட்டியே சொல்வதற்குத்தான் மண் பரிசோதனை அறிக்கை. ஆனால் வீடு கட்டுகிறவர்களில் பெரும்பாலோர் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, "எஸ்.பி.சி. எவ்வளவு?" என்று ஒரே ஓர் எண்ணைத்தான் தேடுகிறார்கள்.

கோவைப் பக்கம் ஐந்து சென்ட் மனை, தரைத்தளமும் ஒரு மாடியும் கட்டத் திட்டம், கோடையில் இரண்டு துளைகள் போட்டாயிற்று என்று வைத்துக்கொள்வோம். அறிக்கை எப்படி இருக்கும்?

முதலில் துளைப் பதிவு. ஒவ்வொரு ஆழத்திலும் என்ன மண் என்பதோடு 'என்' என்று ஓர் எண்ணும் இருக்கும். அது அடிகளின் கணக்கு. துளைக்குள் ஒரு குழாயை இறக்கி, 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிடுவார்கள். முதல் 15 செ.மீ. இறங்க விழும் அடிகளை விட்டுவிட்டு, அடுத்த 30 செ.மீ.க்கு எத்தனை அடி தேவைப்பட்டது என்று எண்ணுவார்கள். நம் மனையின் முதல் துளையில் அரை மீட்டர் வரை கொட்டிய மண். பிறகு 2.2 மீட்டர் வரை கரிசல். ஒன்றரை மீட்டரில் 'என்' 15. அதன்கீழ் சுக்கான் கலந்த மஞ்சள் மண். 2.7 மீட்டருக்குக் கீழே சிதைந்த பாறை. அங்கே 50 அடி அடித்தும் குழாய் 8 செ.மீ.தான் இறங்கியது.

கரிசலுக்கு 15 என்பது மோசமான எண் அல்ல. மண் உடைந்து அமிழும் சுமையைக் கணக்கிட்டு, பாதுகாப்புக்காக அதை மூன்றால் வகுத்தாலும் சதுர மீட்டருக்குச் சுமார் 12 டன் தாங்கும் என்று வரும். கொத்தனார் சொன்னது சரிதானே என்று தோன்றும். ஆனால் அந்த 15, காய்ந்த மண்ணின் எண். தவிர, தாங்குதிறன் என்பது வீடு கீழே அமிழுமா என்ற கேள்விக்கு மட்டுமே பதில். கரிசலோ நனைந்தால் மேலே தள்ளும்.

அதைக் காட்டும் சோதனை எளிமையானது. பத்துக் கிராம் சலித்த மண்ணை ஒரு அளவுக் குடுவையில் மண்ணெண்ணெயிலும், இன்னொன்றில் தண்ணீரிலும் போட்டு ஒரு நாள் விடுவார்கள். மண்ணெண்ணெயில் மண் உப்பாது. அதில் 10 மில்லி, தண்ணீரில் 18 மில்லி என்றால் உப்பல் 80 சதவீதம். 50-ஐத் தாண்டினாலே பொறியாளர் உஷாராகிவிடுவார். பல மாடிக் கட்டடத்துக்கு மண்ணை அமுக்கி வைக்கும் எடை உண்டு. ஒரு மாடி வீடு இலேசு. மழையில் வீட்டின் ஓரங்கள் நனைந்து எழும்பும், நடுப்பகுதி காய்ந்தே கிடக்கும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் கிளம்பும். அமிழ்வதால் வந்த விரிசல் பெரும்பாலும் ஒரே பக்கமாக அகலும். கரிசல் விரிசல் பருவத்துக்குப் பருவம் அகன்று சுருங்கும்.

அதனால் அறிக்கையின் பரிந்துரை, கரிசலைத் தாண்டிப் பாறையில் உட்கார வேண்டும் என்பது. செலவு கூடுமே என்று பயப்படுவோருக்கு ஒரு கணக்கு. ஒரு தூணின் சுமை 36 டன். கரிசலில் 12 டன் வீதம் 3 சதுர மீட்டர் வேண்டும். அதாவது அடித்தளம் பக்கத்துக்கு ஒன்றேமுக்கால் மீட்டர். சிதைந்த பாறையில் 25 டன் என்று அறிக்கை தந்தால் 1.2 மீட்டர் பக்கமே போதும். குழி ஆழமாகும், ஆனால் கான்கிரீட்டும் கம்பியும் குறையும்.

அதோடு இரண்டு வரிகள் இருக்கும். தளத்தில் எளிதாக மறந்துபோவதும் அவைதான். தோண்டிய கரிசலையே குழியில் திருப்பிக் கொட்டக் கூடாது, கிராவல் போட்டு இறுக்க வேண்டும். பிளிந்த் பீமுக்கு அடியில் சுமார் 8 செ.மீ. இடைவெளி விட வேண்டும், மண் உப்பினால் பீமைத் தூக்காமலிருக்க.

இரண்டாவது துளையில் கரிசல் 3 மீட்டர் வரை போகிறது. பத்து மீட்டர் தூரத்துக்குள் இத்தனை வித்தியாசம். இரண்டு துளைகளுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று எந்த அறிக்கையும் சொல்லாது, குழிதான் சொல்லும். ஆகவே கான்கிரீட் போடும் முன் ஒவ்வொரு குழியையும் எட்டிப் பாருங்கள். அடியில் கறுப்பு மண் தெரிந்தால், அறிக்கையில் எந்த ஆழம் எழுதியிருந்தாலும் வேலையை நிறுத்திப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.