கூடை யாருக்குச் சொந்தம்?

2021 பிப்ரவரியில் கோவையின் ‘டெய்லி பாஸ்கெட்’ என்ற சிறு நிறுவனத்துக்குப் பெங்களூரின் பிக்பாஸ்கெட்டிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. ‘பாஸ்கெட்’ என்ற சொல் தங்கள் பெயரோடு குழப்பம் உண்டாக்குகிறது, அந்தப் பெயரை விட்டுவிடுங்கள் என்றது நோட்டீஸ். கோவைக்காரர்கள் bbisabully.com என்று ஒரு தளமே திறந்து அதை ஊருக்குக் காட்டிவிட்டார்கள். கூடை என்ற சொல்லை ஒருவர் தனக்கென்று வைத்துக்கொள்ள முடியுமா என்ற விவாதம் நாடு முழுக்க நடந்தது.

சென்னிமலையில் வீடு வீடாகக் காய்கறி, பழம் கொடுக்கும் மாதச் சந்தா தொடங்குபவருக்கும் இதே சிக்கல் காத்திருக்கிறது. ‘டெய்லி’ தவறாமல் வருவதைச் சொல்கிறது, ‘பாஸ்கெட்’ காய்கறியைச் சொல்கிறது. வாங்குபவருக்கு உடனே புரியும். அதனாலேயே பக்கத்துத் தெருக்காரரும் அதையே வைப்பார். 1999-ஆம் ஆண்டின் வணிகக் குறிச் சட்டம், 9-ஆம் பிரிவில், பொருளின் வகை, தரம், விளையும் ஊர் ஆகியவற்றை மட்டும் சொல்லும் பெயரைப் பதிய மறுக்கிறது. நெடுநாள் புழக்கத்தால் அது ஒரே கடையைக் குறிக்கத் தொடங்கியிருந்தால்தான் விதிவிலக்கு. ஆக ‘ஃப்ரெஷ் காய்கறி’யும் தேறாது, ‘சென்னிமலைக் காய்கறி’யும் தேறாது. தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதினாலும் கதை ஒன்றுதான். ‘பழமுதிர்’ என்ற பெயரைப் பாருங்கள்: தமிழ்நாடு முழுக்க எத்தனையோ தனித்தனி முதலாளிகளின் பலகையில் இருக்கிறது. கேட்பவருக்கு அது பழக்கடை என்றுதான் படுகிறது, இன்ன கடை என்றல்ல.

நேரே சொல்லாமல் உணர்த்தும் பெயர்தான் நிலைக்கும். ‘வெள்ளென’ என்று வைத்துப் பார்க்கலாம். ‘வெள்ளெனயே வந்துட்டானே’ என்று இங்கே சாதாரணமாகப் பேசுகிறோம். அதில் காய் இல்லை, கூடை இல்லை. ஆனால் விடிவதற்குள் பறித்து, சமையலுக்கு முன் வாசலுக்கு வந்துவிடும் என்ற எண்ணம் தானாக எழும். குறையும் உண்டு: ஆங்கில எழுத்தில் ஒருவர் vellena என்பார், இன்னொருவர் vellana என்பார், தேடுபவர் தடுமாறுவார். இரண்டு எழுத்துக்கூட்டலுக்கும் இணைய முகவரி வாங்கிவிடுவது நல்லது.

‘தினம்’ என்று பெயரிலேயே வாக்குக் கொடுப்பது எனக்கு உவப்பில்லை. கீரை மறுநாளே வாடும், அடிக்கடி கொண்டுபோக வேண்டும். வெங்காயமும் உருளையும் ஒரு வாரம் தாங்கும். நாளடைவில் வாரம் மூன்று நடையாகக் குறைத்தால் பெயரே உங்களைப் பொய்யராக்கும். நாளையும் நேரத்தையும் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் போடுங்கள்: ‘செவ்வாய், வியாழன், சனி. காலை ஏழுக்குள்.’ மாற வேண்டியது அந்த வரி மட்டும்தான்.

பலகை எழுதுமுன் வணிகக் குறிப் பதிவகத்தின் இணையத் தேடலில் 31-ஆம் வகுப்பிலும் (புதுக் காய்கனி) 35-ஆம் வகுப்பிலும் (சில்லறை விற்பனைச் சேவை) பெயரைத் தேடுங்கள். எழுத்தை மட்டுமல்ல, ஒலியையும் வைத்துத் தேட அங்கே வசதி இருக்கிறது. தனிநபர் இணையவழி விண்ணப்பித்தால் வகுப்புக்கு 4,500 ரூபாய். நோட்டீஸ் வந்தபின் வண்டியையும் பையையும் மாற்றி எழுதும் செலவு இதைவிடக் கூடுதல்.